‘கூறுகிறார்’ என்ற சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கிறார்?
(ஓட்டப்பிடாரத்தில் வரலாறு, தமிழ் ஆய்வு மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

வரலாற்றுத் துறையிலோ தமிழ்த் துறையிலோ முனைவர் பட்டத்துக்குக் கட்டபொம்மனை எடுத்துக்கொள்ளும் மாணவர் தம் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் முன்னாய்வுகளைத் தொகுத்துச் சொல்வார். வகுப்பில் எல்லோரும் ‘லிட்டரேச்சர் ரிவியூ’ என்று சொல்லும் பகுதி அதுதான். அதன் பத்திகள் பெரும்பாலும் இந்த மாதிரியில் அமைகின்றன:

“பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கிஸ்தி பாக்கி வைத்திருந்தார் என்று கால்டுவெல் கூறுகிறார். கயத்தாறில் அவர் அஞ்சாமல் நின்றார் என்று பானர்மன் கூறுகிறார். அவர் விடுதலை வீரர் என்று ம.பொ.சி. கூறுகிறார். அவர் கொள்ளைக்காரர் என்று தமிழ்வாணன் கூறுகிறார். நடந்தது முதல் விடுதலைப் போர் என்று கே. ராஜய்யன் கூறுகிறார்.”

இதில் பெயர்கள் சரி. ஒவ்வொருவரும் ஏறக்குறைய அப்படி எழுதியதும் உண்மை. ஆனாலும் பத்தியைப் படித்து முடிப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. பானர்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்குத் தண்டனையை நிறைவேற்றிய படைத்தலைவர். கால்டுவெல் 1881இல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை நூலாக வெளியிட்ட ஆயர். ம.பொ.சி. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். ராஜய்யன் கும்பினி ஆவணங்களைப் படித்து 1971இல் நூல் எழுதிய வரலாற்றுப் பேராசிரியர். கண்டவர், தொகுத்தவர், வாதிட்டவர், மறுத்தவர் எல்லோரும் ‘கூறுகிறார்’ என்ற ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இவர்களில் யாரை மாணவர் ஏற்கிறார், யாரிடமிருந்து விலகி நிற்கிறார் என்பதைப் பத்தி சொல்லவே இல்லை.

இந்தக் குறையைப் போக்க மாணவர்களுக்குத் தரப்படும் வழக்கமான அறிவுரை, சொல்லை மாற்றி மாற்றி எழுது என்பது. உடனே கால்டுவெல் ‘இயம்புகிறார்’, ம.பொ.சி. ‘பகர்கிறார்’, ராஜய்யன் ‘நவில்கிறார்’. இன்றைய உரைநடையில் இவை எல்லாம் கூறுவதன் வேறு பெயர்கள்தாம். காதுக்கு மாற்றம் கிடைக்கிறது, பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைவிட மோசம், அழகுக்காக ‘நிறுவுகிறார்’, ‘மெய்ப்பிக்கிறார்’ என்ற சொற்களையும் அதே பட்டியலிலிருந்து எடுத்துப் போடுவது. அந்தச் சொற்கள் வந்தவுடன் மாணவர் தமக்கே தெரியாமல் ஒரு சாட்சியத்தில் கையொப்பம் இட்டுவிடுகிறார். “கட்டபொம்மன் கொள்ளைக்காரர் என்பதைத் தமிழ்வாணன் நிறுவுகிறார்” என்று எழுதினால், அப்படிச் சொல்வது தமிழ்வாணன் மட்டும் அல்லர், ஆய்வேட்டை எழுதியவரும்தான்.

மொழியியலில் இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில் பிறர் கருத்தை எடுத்துச்சொல்லும் வினைகளை ஜெஃப் தாம்சனும் யே யியுனும் 1991இல் பகுத்துக் காட்டினார்கள். அவர்களுடைய பகுப்பில் இங்கே வேண்டியது ஒரு கேள்விதான்: எடுத்துச்சொல்லப்படும் செய்தியை எழுதுகிறவர் உண்மை என்று ஏற்கிறாரா, தவறு என்று தள்ளுகிறாரா, இரண்டும் இல்லாமல் நிற்கிறாரா? ‘சுட்டிக்காட்டுகிறார்’, ‘நிறுவுகிறார்’ என்பன ஏற்கும் வினைகள். ‘கவனிக்கத் தவறுகிறார்’, ‘மிகைப்படுத்துகிறார்’ என்பன தள்ளும் வினைகள். ‘வாதிடுகிறார்’, ‘கருதுகிறார்’, ‘முன்வைக்கிறார்’ என்பன பொறுப்பை முதல் ஆசிரியரிடமே விட்டுவைக்கும் வினைகள். எட்டு வருடம் கழித்து, 1999இல், கென் ஹைலண்ட் எட்டுத் துறைகளைச் சேர்ந்த 80 கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்தபோது துறைக்குத் துறை பழக்கம் மாறுவதைக் கண்டார். அறிவியல், பொறியியல் கட்டுரைகளில் கண்டறிந்ததாகவும் காட்டியதாகவும் எழுதுவது மிகுதி. தத்துவம் போன்ற துறைகளில் சொல்வதும் வாதிடுவதும் மிகுதி. கட்டபொம்மன் வரலாறு இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. ஆவணத்தால் காட்டக்கூடியதும் அதில் உண்டு, வாதத்தால் மட்டுமே நிற்பதும் உண்டு. அதனால்தான் இங்கே வினைச்சொல் தேர்வு இவ்வளவு கடினமாக இருக்கிறது.

ஆங்கில வினைகளின் பட்டியலைத் தமிழாக்கி வைத்துக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு முக்கியமான இடத்தைத் தவறவிடுகிறார்கள். தமிழில் எழுதுகிறவரின் நிலைப்பாடு வினையில் மட்டும் இல்லை. வினைக்கு முன்னால் செய்தி எந்த உருபோடு வந்து சேர்கிறது என்பதிலும் இருக்கிறது. மூன்று வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

“கட்டபொம்மன் கிஸ்தி பாக்கி வைத்திருந்ததை அவர் குறிப்பிடுகிறார்.”

“கட்டபொம்மன் கிஸ்தி பாக்கி வைத்திருந்ததாக அவர் குறிப்பிடுகிறார்.”

“கட்டபொம்மன் கிஸ்தி பாக்கி வைத்திருந்தார் என்று அவர் குறிப்பிடுகிறார்.”

மூன்றிலும் வினை ஒன்றே. முதல் வாக்கியத்தில் பாக்கி இருந்தது உறுதி. எழுதுகிறவர் அதை ஏற்றுக்கொண்டுதான் பேசவே தொடங்குகிறார். இரண்டாவதில் பாக்கி இருந்ததா என்பது திறந்தே இருக்கிறது. ‘அவர் அப்படிச் சொல்கிறார், உண்மை எப்படியோ’ என்ற தொனி ‘ஆக’ என்பதிலிருந்து வருகிறது. மூன்றாவது இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. ‘என்று’ சொன்னவரின் சொல்லைக் கொண்டுவந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். அதன் பிறகு வரும் வினைதான் சாய்வைத் தீர்மானிக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வினையை எதிர்மறையாக்க வேண்டும். “பாக்கி வைத்திருந்ததை அவர் குறிப்பிடவில்லை” என்றால் பாக்கி அப்படியே நிற்கிறது, அவர் சொல்லாமல் விட்டார் என்றுதான் பொருள். “பாக்கி வைத்திருந்ததாக அவர் குறிப்பிடவில்லை” என்றால் பாக்கியே இல்லாமலும் இருந்திருக்கலாம். எதிர்மறையிலும் செய்தி சாகாமல் நின்றால் அதற்கு எழுதுகிறவரே பொறுப்பு. பால் கிபார்ஸ்கியும் கரோல் கிபார்ஸ்கியும் 1970இல் எழுதிய கட்டுரை ஒன்று இப்படிப்பட்ட வினைகளைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டியது. தமிழில் அந்தப் பிரிவினை ‘ஐ’, ‘ஆக’ என்ற இரண்டு சிறு உறுப்புகளிலேயே வெளிப்படையாகக் கிடைப்பது தமிழில் எழுதுகிறவருக்கு வாய்த்த வசதி.

அந்த வசதியைப் பயன்படுத்தாதபோது வாக்கியமே தன்னோடு முரண்படுகிறது. “கட்டபொம்மன் வரி செலுத்தியதாகச் சுட்டிக்காட்டுகிறார்” என்று ஆய்வேடுகளில் எழுதுவதுண்டு. ‘செலுத்தியதாக’ என்பது விலகி நிற்கிறது. ‘சுட்டிக்காட்டுகிறார்’ என்பது கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுகிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கும்போது மாணவரின் நிலை என்ன என்று கேள்வி கேட்கிற தேர்வாளருக்குப் பதில் இருக்காது. நம்பினால் “செலுத்தியதைச் சுட்டிக்காட்டுகிறார்” என்றும், நம்பாவிட்டால் “செலுத்தியதாகச் சொல்கிறார்” என்றும் எழுத வேண்டும். “செலுத்தியதாக நிறுவுகிறார்” என்பதும் இதே கோளாறுதான். நிறுவுவது என்றால் “செலுத்தினார் என்பதை நிறுவுகிறார்” என்றுதான் வரும்.

இனி பாஞ்சாலங்குறிச்சிக்கே போகலாம். ஓட்டப்பிடாரத்தை அடுத்த ஊர் அது. தொடக்கத்தில் காட்டிய பத்தியின் முதல் வாக்கியம் கிஸ்தி பாக்கியைப் பற்றியது. பாக்கி இருந்தது என்பதைக் கும்பினி ஆவணங்கள் காட்டுகின்றன. 1798 மே 31 நிலவரப்படி 3310 பகோடா என்ற தொகையும் வரலாற்று நூல்களில் வருகிறது. கட்டபொம்மனைப் போற்றும் நூல்களும் பாக்கியே இல்லை என்று சாதிப்பதில்லை. அதைக் கேட்கக் கும்பினிக்கு என்ன உரிமை என்பதுதான் அவர்களின் கேள்வி. ஆக, பாக்கியைப் பொறுத்தவரை ‘ஐ’ போட்டு எழுதலாம்: “கிஸ்தி பாக்கி இருந்ததைக் கால்டுவெல் குறிப்பிடுகிறார்.” ஆனால் அதே கால்டுவெல், பாளையக்காரர் காலம் முழுவதும் ஒழுங்கற்ற காலம் என்றும் கும்பினி ஆட்சிதான் அமைதியைக் கொண்டுவந்தது என்றும் எழுதும்போது அது ஆவணத்தில் எழுதியிருந்த செய்தி அல்ல, அவருடைய மதிப்பீடு. அங்கே “கொண்டுவந்ததைக் குறிப்பிடுகிறார்” என்று எழுதினால், மாணவர் 1881இன் ஆட்சியாளர் பார்வையைத் தம் முடிவாக ஏற்றுக்கொண்டுவிட்டார். “கொண்டுவந்தது என்று கால்டுவெல் கருதுகிறார்” என்பதே அங்கே வேண்டும். ஒரே நூல், ஒரே ஆசிரியர், பக்கத்துப் பக்கத்து வாக்கியங்கள்; வினை மட்டும் வேறு. ஒரு ஆசிரியருக்கு ஒரு வினை என்று ஒட்டிவைத்துக்கொள்ளவே முடியாது.

இந்த உரையில் அதிக நேரம் தங்க வேண்டிய இடம் இரண்டாம் வாக்கியம், பானர்மனுடையது.

மேஜர் பானர்மன் கயத்தாறில் பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து, கட்டபொம்மனை விசாரித்து, அன்றே தூக்கிலிட்டார். மறுநாள், 1799 அக்டோபர் 17 அன்று, சென்னை அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைக் கால்டுவெல் தம் நூலில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கட்டபொம்மனின் கடைசி மணிநேரம் பற்றி இன்று சொல்லப்படும் பல செய்திகளுக்கு அதுதான் ஊற்று. கவனமாகப் படித்தால் அந்த ஒரே பத்தியில் மூன்று வகையான செய்திகள் இருப்பது தெரியும்.

முதல் வகை, பானர்மன் கண்ணால் கண்டது. கட்டபொம்மன் விசாரணையின்போது கலங்காமல் நின்றார். தம்மைப் பிடிப்பதில் முனைப்பாக இருந்த எட்டயபுரம் பாளையக்காரரையும் சிவகிரிப் பாளையக்காரரையும் ஏளனமாகப் பார்த்தார். தூக்கு மரத்துக்கு உறுதியான நடையோடு போனார். இவற்றைப் “பானர்மன் பதிவு செய்கிறார்” என்று எழுதலாம். எதிரி என்பதாலேயே இந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு கூடுகிறது. தாம் கொன்ற ஒருவரின் துணிவைப் பெரிதாக்கிக் காட்ட அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

இரண்டாம் வகை, கண்டதற்கு அவர் போட்ட விலை. கலங்காமல் நின்றதோடு சேர்த்தே, இறுமாப்போடு நடந்துகொண்டார் என்ற பொருளிலும் எழுதுகிறார். இறுமாப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் பொருள் அல்ல. நிமிர்ந்த தலையைப் பார்த்து எதிரே நின்ற அதிகாரி செய்துகொண்ட முடிவு. அதைப் “பதிவு செய்கிறார்” என்று எழுதக் கூடாது. “இறுமாப்பு என்று மதிப்பிடுகிறார்” என்று எழுதலாம்.

மூன்றாம் வகைதான் பெரும்பாலானவர்கள் தவறும் இடம். தூக்குமரத்துக்குப் போகும் வழியில் கட்டபொம்மன் தம் வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார். மரத்தடியில் நின்றபோது, கோட்டையை விட்டு வெளியேறியதற்கு வருந்தி, அதைக் காத்து அங்கேயே இறந்திருக்கலாம் என்றார். இந்தச் செய்தி உணர்ச்சி மிக்கது. மேடைகளில் நூறு முறை கேட்டது. பானர்மன் இதைக் கண்டதாகவோ கேட்டதாகவோ எழுதவில்லை. தமக்குச் சொல்லப்பட்டதாகத்தான் எழுதுகிறார். அந்த அதிகாரி 1799இல் தம் கடிதத்தில் கவனமாக வைத்த விலகலை, பின்னால் வந்த ஆய்வேடுகள் ஒரே வினையில் அழித்துவிடுகின்றன: “கோட்டையை விட்டதற்குக் கட்டபொம்மன் வருந்தியதைப் பானர்மன் பதிவு செய்கிறார்.” அப்படி அல்ல. “வருந்தியதாகத் தமக்குச் சொல்லப்பட்டதைப் பானர்மன் பதிவு செய்கிறார்.” வாக்கியம் நீளமாகிறது, உண்மை. ஆனால் ‘ஆக’ ஒன்றும் ‘ஐ’ ஒன்றும் அதனதன் இடத்தில் நிற்கின்றன. சொல்லப்பட்டது என்பது உறுதி. வருந்தினார் என்பது சொன்னவரின் பொறுப்பு.

கரிசல் காட்டுப் பேச்சில் இந்த வேலையை ஒரே எழுத்துக்கூட்டம் செய்துவிடும். “வருத்தப்பட்டாராம்.” அந்த ‘ஆம்’ வந்தவுடன் கேட்கிறவருக்குத் தெரியும், பேசுகிறவர் நேரில் பார்க்கவில்லை என்று. ஆய்வேட்டு நடை ‘ஆம்’ விகுதியை ஏற்பதில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றும் வைக்காமல் விட்டால், ஊர்ப்பெரியவர் வீட்டுத் திண்ணையில் சொன்ன கதையில் இருந்த துல்லியம்கூட முனைவர் பட்ட ஆய்வேட்டில் இல்லாமல் போகும்.

செவிவழிச் செய்தியைக் குறிக்க மாணவர்கள் வழக்கமாகத் தேடும் புகலிடம் ‘கூறப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’. இது விலகி நிற்கிறது, சரி. ஆனால் யாரால் கூறப்படுகிறது? பானர்மனிடம் சொன்ன காவலராலா, நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலாலா, 1959இல் வந்த திரைப்படத்தாலா? ராமநாதபுரத்தில் 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சனும் கட்டபொம்மனும் சந்தித்தது ஆவணங்களில் உள்ள நிகழ்ச்சி. அங்கே எழுந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்ததும் அப்படியே. ஆனால் அந்தச் சந்திப்பில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் மனத்தில் ஓடுவது சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதி சிவாஜி கணேசன் பேசிய வசனம். அது கலை, அதன் வலிமை தனி. ஆய்வேட்டில் அதைச் சொல்ல நேர்ந்தால் “திரைப்படம் சித்திரிக்கிறது” என்று சொல்ல வேண்டும். “ஜாக்சனிடம் வீரமாகப் பேசியதாகக் கூறப்படுகிறது” என்று எழுதும்போது திரைக்கதை ஆவணத்தின் மேலங்கியைப் போர்த்திக்கொள்கிறது. கூறப்படுகிறது என்று எழுதத் தோன்றும் ஒவ்வோர் இடத்திலும் கூறியவரைத் தேடிப் பிடித்து எழுவாயாக நிறுத்துவதுதான் வழி.

பானர்மனை விட்டு நகர்வதற்கு முன் இன்னொரு வினை: ‘ஒப்புக்கொள்கிறார்’. “கட்டபொம்மனின் வீரத்தை வெள்ளையரே ஒப்புக்கொள்கிறார்” என்ற வாக்கியத்தை எழுத எல்லோருக்கும் கை பரபரக்கும். ஒப்புக்கொள்வது என்றால் செய்தி உண்மை என்றும், அதைச் சொல்வது சொல்கிறவருக்கே பாதகம் என்றும், அவர் தயக்கத்தோடு சொன்னார் என்றும் மூன்று பொருள்களை ஒரே மூச்சில் ஏற்றுகிறோம். பானர்மன் தயங்கவில்லை. வீரம் என்ற புகழுரையும் அவர் தரவில்லை; கலங்காமையையும் இறுமாப்பையும் சேர்த்தே எழுதினார். அந்தக் கடிதத்திலிருந்து வீரத்தைப் பிரித்தெடுத்துப் படிப்பது நாம். அப்படிப் படிக்க உரிமை உண்டு, காரணமும் உண்டு. அந்த வாசிப்பைப் பானர்மன் வாயில் வைக்காமல், “பானர்மனின் பதிவிலிருந்து கட்டபொம்மனின் துணிவு புலப்படுகிறது” என்று தம் பொறுப்பில் எழுதுவதே நேர்மை.

அதே போல, கயத்தாறில் கட்டபொம்மன் மேல் வைக்கப்பட்டவை: கிஸ்தியைக் காலத்தில் கட்டவில்லை, கலெக்டர் அழைத்தபோது வரவில்லை, சிவகிரி விவகாரத்தில் படை அனுப்பினார், கும்பினிப் படையை எதிர்த்தார். இவற்றைப் பானர்மன் ‘காட்டினார்’ என்று எழுத முடியாது. குற்றம் சாட்டியவரும் தீர்ப்புச் சொன்னவரும் தண்டித்தவரும் அவரே. ‘குற்றஞ்சாட்டினார்’ என்ற சொல்லே போதும். அது குற்றம் பொய் என்று சொல்லவில்லை, மெய் என்றும் சொல்லவில்லை.

ம.பொ.சி.யும் தமிழ்வாணனும் நேர் எதிர்த்திசையில் நிற்பவர்கள். ஒருவர் கட்டபொம்மனை விடுதலை வீரர் என்று நூல் எழுதினார், மற்றவர் கொள்ளைக்காரர் என்று எழுதினார். இருவருமே ‘வாதிடுகிறார்’ என்ற வினைக்கு உரியவர்கள். ஒருவருக்கு ‘நிறுவுகிறார்’ என்று கொடுத்து மற்றவருக்குச் ‘சாடுகிறார்’, ‘பழிக்கிறார்’ என்று கொடுத்தால், சான்றுகளை ஒப்பிடுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. மாணவர் ஒரு பக்கம் சாயலாம். ஆனால் சாய்வதற்குக் காரணமான சான்றைப் பத்தியில் வைத்த பிறகு, வினை தானாகச் சாய வேண்டும். ‘தவறுகிறார்’, ‘புறக்கணிக்கிறார்’ போன்ற தள்ளும் வினைகளுக்கு இந்த நிபந்தனை இன்னும் கடுமையானது. ஒருவர் கதைப்பாடலைப் புறக்கணித்தார் என்று எழுத வேண்டுமானால் அவர் எழுதிய காலத்தில் அந்தப் பாடல் அவர் கைக்கு எட்டியது என்று காட்ட வேண்டும். பின்னால் பதிப்பான நூலை முன்னால் எழுதியவர் எப்படிப் புறக்கணிக்க முடியும்?

மரியாதை விகுதியும் இங்கே சேரும். தூக்கிலிடப்பட்டார், தூக்கிலிடப்பட்டான், அறிஞர் கால்டுவெல், வெறும் கால்டுவெல். வினையில் நடுநிலை காத்துவிட்டு விகுதியில் சாய்வது உண்டு. ஒரே ஆய்வேட்டில் எல்லோருக்கும் ஒரே மரியாதை என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும்.

ராஜய்யன் நூலை எடுத்தாளும்போது வேறு வகைத் தவறு நேர்கிறது. அவர் நூலின் தலைப்பே தென்னிந்தியக் கிளர்ச்சியை முதல் விடுதலைப் போர் என்கிறது. காலமும் தலைப்பிலேயே இருக்கிறது, 1800 முதல் 1801 வரை. மருது சகோதரர்கள், ஊமைத்துரை முதலியோர் கூட்டாக எழுந்த காலம் அது. 1801 ஜூன் 16 அன்று திருச்சிராப்பள்ளியில் வெளியிடப்பட்ட அறிக்கை, எல்லாச் சாதி மக்களும் ஒன்றுசேர்ந்து ஐரோப்பியரை எதிர்க்க வேண்டும் என்று அழைத்தது. அறிக்கை வெளியானதை ராஜய்யன் ஆவணத்தோடு காட்டுகிறார். அதையும் பாளையங்கள் ஒன்றுசேர்ந்த விதத்தையும் வைத்து, நடந்தது விடுதலைப் போர் என்று வாதிடுகிறார். காட்டியதும் வாதிட்டதும் வேறு வேறு. அதைவிடப் பெரிய விஷயம்: அந்த அறிக்கை ஒட்டப்பட்டபோது கட்டபொம்மன் இறந்து சரியாக 20 மாதங்கள் ஆகியிருந்தன. “கட்டபொம்மன் நடத்தியது முதல் விடுதலைப் போர் என்று ராஜய்யன் வாதிடுகிறார்” என்று எழுதினால் வினை சரி, வாதம் அவருடையது அல்ல. எவ்வளவு துல்லியமான வினையும் தவறான செயப்படுபொருளைக் காப்பாற்றாது. ஆசிரியரின் வாதம் எந்தக் காலத்தை, எந்த மனிதரைப் பற்றியது என்று நூலைத் திறந்து பார்த்த பிறகே வினையைத் தேட வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்து அந்தப் பத்தியை மறுபடி எழுதினால் இப்படி வரும்:

“கிஸ்தி பாக்கி இருந்ததைக் கால்டுவெல் குறிப்பிடுகிறார், ஆனால் பாளையக்காரர் ஆட்சியே ஒழுங்கின்மை என்று அவர் கருதுவது கும்பினி ஆட்சியை ஏற்றுக்கொண்ட பார்வை. கயத்தாறு விசாரணையில் கட்டபொம்மன் கலங்காமல் நின்றதை, அவரைத் தூக்கிலிட்ட பானர்மனே பதிவு செய்கிறார். கோட்டையை விட்டதற்குக் கட்டபொம்மன் வருந்தியதாகத் தமக்குச் சொல்லப்பட்டதையும் எழுதுகிறார். இந்தச் செய்திகளை விடுதலை வீரத்தின் சான்றாக ம.பொ.சி. வாசிக்கிறார்; தமிழ்வாணன் அதை மறுத்து, கட்டபொம்மன் கொள்ளைக்காரர் என்று வாதிடுகிறார். கட்டபொம்மனுக்குப் பின் 1801இல் பொது அறிக்கை வெளியானதைக் காட்டும் ராஜய்யன், அந்தக் கட்டத்தையே முதல் விடுதலைப் போர் என்று வாதிடுகிறார்.”

பழைய பத்தியைவிட இது நீளம். ஆனால் இதைப் படிக்கும் தேர்வாளர் அடுத்த கேள்வியைத் தாமே கேட்பார்: அப்படியானால் 1799க்கும் 1801க்கும் உள்ள தொடர்பு என்ன? அதுதான் மாணவரின் ஆய்வுக் கேள்வி. அந்த இடைவெளி ‘கூறுகிறார்’ வரிசையில் கண்ணுக்கே தெரியாமல் இருந்தது.

‘கூறுகிறார்’ என்ற சொல்லைத் துரத்திவிட வேண்டும் என்பதில்லை. ஆசிரியர் என்ன வகையில் சொன்னார் என்பது வாதத்துக்குத் தேவைப்படாத இடத்தில் அதுவே சிறந்த சொல். புதுப் பத்தியிலும் பானர்மன் ஓரிடத்தில் வெறுமனே ‘எழுதுகிறார்’. நிலைப்பாடு இல்லாத இடத்தில் நிலைப்பாட்டுச் சொல்லைத் திணிப்பதும் தவறுதான். காலம் பற்றியும் ஒரு சொல்: ஆய்வாளர்களின் கருத்தை நிகழ்காலத்தில் சொல்வது இன்றைய பழக்கம், நிகழ்ச்சியில் பங்கெடுத்தவரின் செயலை இறந்தகாலத்தில் சொல்லலாம். பானர்மன் குற்றஞ்சாட்டினார், பானர்மன் கடிதம் பதிவு செய்கிறது. முன்னது செயல், பின்னது இன்றும் படிக்கக் கிடைக்கும் சான்று.

இந்த நுணுக்கம் மேற்கிலிருந்து வந்த ஆய்வுமுறையின் வேண்டாத கெடுபிடி என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ் மரபு இதை நெடுங்காலமாக அறிந்தது. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூல் செய்வோர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் நிலைகளை ஏழாக வகுக்கிறார். பிறர் கொள்கைக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் களைவது, தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துவது, இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, எதோடும் சேராமல் தன் கொள்கையைக் கொள்வது. அதற்கு முன்பே தொல்காப்பியம் முன்னோர் கருத்தை ‘என்ப’ என்று தனித்துக் காட்டியது. உரையாசிரியர்கள் ஒருவரையொருவர் மறுக்கும்போது முன்னவர் சொன்னதை எடுத்துக் கூறி, பொருந்தாது என்று சொல்லி, காரணத்தையும் உடனே வைத்தார்கள். சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும் இடங்களைப் படிப்பவருக்கு இது விளங்கும். எதை ஏற்றார், எதை மறுத்தார், ஏன் என்பதில் ஐயமே வராது.

அந்த இளம்பூரணர் உரையை அச்சில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இதே ஓட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5 அன்று பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை. பொருளதிகாரப் பதிப்பில் எஸ். வையாபுரிப் பிள்ளையும் அவரோடு சேர்ந்து உழைத்தார். கப்பலோட்டியவரைப் பதிப்பாசிரியராக நினைவுகூர்வோர் குறைவு. முன்னோர் ஒருவரின் சொல்லை அவருடையதாகவே, கூட்டாமல் குறைக்காமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதுதான் பதிப்பாசிரியரின் வேலை. முன்னாய்வுப் பகுதி எழுதுகிறவர் செய்ய வேண்டியதும் அந்த வேலையில் ஒரு பங்கு.

இங்கே வந்திருக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டாம் இயலைத் துறையில் சமர்ப்பிக்கும் முன் ஒரு பென்சிலை எடுத்து, பிறர் பெயருக்குப் பக்கத்தில் வரும் எல்லா வினைகளின் கீழும் கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் எதிர்மறையாக்கிப் பாருங்கள். எதிர்மறையிலும் நிற்கும் செய்திக்கு நீங்கள் சான்று வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் ‘ஐ’ இருக்கும் இடத்தில் ‘ஆக’ வரட்டும், ‘நிறுவுகிறார்’ இருக்கும் இடத்தில் ‘வாதிடுகிறார்’ வரட்டும். கட்டபொம்மனைப் பற்றி எழுதுகிறவர்கள் கூடுதலாக ஒன்று செய்யுங்கள். பானர்மனின் 1799 அக்டோபர் 17 கடிதத்தைப் பிறர் எடுத்தாண்ட வரிகளிலிருந்து எழுதாமல், கால்டுவெல் நூலில் முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.